பழி புளோரைடுக்கு, பழுது சிறுநீரகத்தில்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஒரு பிள்ளைக்குக் கால் வளைந்திருந்தாலோ, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாவிட்டாலோ ஊரே சொல்லும் காரணம் புளோரைடு தண்ணீர்தான். அதில் உண்மை இருக்கிறது. 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வரும்வரை தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. ஆனால் அதே வளைந்த காலுக்கும் குட்டை உருவத்துக்கும் பின்னால் வேறொரு நோயும் இருக்கலாம். அது நாள்பட்ட சிறுநீரக நோய். எல்லாவற்றுக்கும் தண்ணீரைக் காட்டிப் பழகிய ஊரில் இந்த நோய் எளிதில் தப்பிவிடுகிறது.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ வருவதில்லை. கருவிலேயே சிறுநீரகம் சரியாக உருவாகாமல் போவதும், சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்பு இருப்பதும்தான் முக்கியக் காரணங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர் குறைவதில்லை, அதிகமாகவே போகும். சிறுநீரகத்தால் நீரையும் உப்பையும் பிடித்துவைக்க முடியாது. அதனால் பிள்ளை ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கும், பெரிய வயதிலும் படுக்கையை நனைக்கும், சோற்றைத் தள்ளிவிட்டு உப்பைத் தேடும். தருமபுரியில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. புளோரைடை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். பழுதான சிறுநீரகத்தோடு குடம் குடமாகக் குடிக்கும் பிள்ளைக்குப் புளோரைடும் கூடுதலாகச் சேரும். ஆகவே பல்லில் பழுப்புக் கறை தெரிகிறது என்பதற்காகச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஏழு வயதுப் பையன் ஒருவன் 105 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் 120-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அவனுடைய கிரியேட்டினின் 1.2. சீட்டின் ஓரத்தில் பெரியவர்களுக்கான அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சாகியிருந்தால், பார்ப்பவர் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார். சிறுநீரகத்தின் வேலையை அளக்கக் குழந்தைக்கு வேறு கணக்கு இருக்கிறது. உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். இந்தப் பையனுக்கு வருவது 36. அது 90-க்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீரக வேலையில் பாதிக்கும் மேல் போன பிறகும் சீட்டு நல்ல பெயர் கொடுக்கிறது. இப்படித் தவறவிடும் ஒவ்வொரு வருடமும் அவன் உயரத்திலிருந்து கழிகிறது.

வளர்ச்சி ஏன் நிற்கிறது? ரத்தத்தில் அமிலம் தேங்கி எலும்பை அரிக்கிறது. வைட்டமின் டி-யைச் சிறுநீரகம் செயல்படும் வடிவுக்கு மாற்றாததால் எலும்பு மெலிந்து வளைகிறது. பசி எடுப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் போதுமான அளவு சுரந்தாலும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

சிகிச்சை இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதுதான். முதலில் வயதுக்கேற்ற முழு உணவு. வாய்வழி போகாத கைக்குழந்தைக்குக் குழாய் வழியாகவாவது கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வயதில் இழந்த உயரத்தைப் பிறகு மீட்பது மிகக் கடினம். அமிலத்துக்கு பைகார்பனேட், எலும்புக்கு வைட்டமின் டி. உப்பை இழக்கும் பிள்ளைக்கு உப்பைக் கூட்ட வேண்டும். பெரியவர்களின் பத்தியத்தை அப்படியே சுமத்தி உப்பை நிறுத்தினால் வளர்ச்சி இன்னும் படுத்துவிடும்.

இவ்வளவும் சரிசெய்து சில மாதங்கள் கழிந்தும் உயரம் நகராவிட்டால், தினமும் தோலுக்கடியில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. செவிசாய்க்காத உடலை அதிக அளவு ஹார்மோன் அசைத்துவிடுகிறது. 2000-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சராசரியாக ஐந்து வருடங்களுக்கு மேல் ஊசி போட்ட பையன்கள் முடிவில் சராசரி 165 சென்டிமீட்டரையும் பெண்கள் 156-ஐயும் எட்டினார்கள். எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் ஊசியால் பயனில்லை. மாற்றுச் சிறுநீரகமும் சின்ன வயதில் பொருத்தினால்தான் உயரத்துக்கு நன்றாக உதவும்.

ஊசி விலை அதிகம், உயிர் பிழைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் உணவும் உப்பும் பைகார்பனேட்டும் விலை உயர்ந்தவை அல்ல. அவற்றைத் தொடங்க நோய் தெரிய வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு உயரத்தைக் குறித்துவிட்டுப் போகாமல், போன வருட அளவோடு ஒப்பிட வேண்டும். வருடத்துக்கு நான்கு சென்டிமீட்டர்கூட வளராத பிள்ளைக்குச் சிறுநீரும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். ஆய்வகங்கள் குழந்தையின் சீட்டில் குழந்தைக்கான அளவையே அச்சிட வேண்டும்.