23 முறை கெட்டித்த துப்பாக்கி

1863 ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாட்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்தது. முடிந்த பிறகு களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். 27,000-க்கும் மேல் தேறின. அவற்றில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளுக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்தபடி அப்படியே இருந்தன. அதில் பாதியில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்திருந்தது. ஆயிரக்கணக்கானவற்றில் மூன்று முதல் பத்து முறை. ஒரே ஒரு துப்பாக்கிக்குள் 23 முறை கெட்டித்திருந்ததாகக் கணக்கெடுத்தவர்கள் எழுதிவைத்தார்கள். அதை வைத்திருந்த சிப்பாய், சண்டை நடந்த நேரமெல்லாம் கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறான்; ஒரு குண்டுகூட வெளியே போகவில்லை.

அந்தக் காலத்துத் துப்பாக்கியை நிரப்புவது லேசான வேலை இல்லை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலின் வாயில் கொட்ட வேண்டும். ஈயக் குண்டை உள்ளே விட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கம்பியை உருவி அதன் இடத்தில் செருகிவிட்டு, குழலின் பின்பக்கம் தீபாவளிப் பொட்டு கேப்பு போன்ற சின்னச் செப்பு மூடி ஒன்றை மாட்டினால்தான் வெடிக்கும். இந்த வேலையை ஒன்பது கட்டளைகளாகப் பிரித்து, தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யும் அளவுக்குப் பழக்கினார்கள். குறி பார்த்து உண்மையான குண்டைச் சுட்டுப் பழகும் வாய்ப்போ பெரும்பாலோருக்கு மிகக் குறைவு.

பழக்கிய அந்த வேலை களத்திலும் பிசகாமல் நடந்தது. மூடியை மாட்ட மறந்தாலோ கரி அடைத்துக்கொண்டாலோ துப்பாக்கி வெடிக்காது. பக்கத்தில் நூறு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது தன்னுடையது வெடித்ததா என்று காதுக்கும் தெரியாது, தோளுக்கும் தெரியாது. கை அடுத்த தோட்டாவை எடுத்துவிடுகிறது. கொல்ல மனமில்லாமல் பலர் சுடாமலே இருந்தார்கள் என்று இந்தத் துப்பாக்கிகளைச் சான்றாகக் காட்டுகிறவர்களும் உண்டு. சிலருடைய விஷயத்தில் அது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலோரைப் பயமும் இரைச்சலும் பழக்கமும் சேர்ந்துதான் இப்படி ஆக்கியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போரில் நூறு பேரில் 15 முதல் 25 பேர்தான் சுட்டார்கள் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-ல் எழுதியது உலகம் முழுவதும் பரவியது. அவர் அந்தக் கணக்கை முறையாக எடுத்ததற்குத் தடயமே இல்லை என்று பின்னால் வந்த வரலாற்றாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

சுட்டவர்களின் குண்டு எங்கே போயிற்று என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பெரும்பாலும் தலைக்கு மேலே. பிரெஞ்சு அதிகாரி ஆர்டான் து பிக் 1860-களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: பயந்த சிப்பாய் குறி பார்ப்பதில்லை, சுட்டுவிட வேண்டும் என்பதற்காகச் சுடுகிறான்.

அது ஏன் மேலே போகிறது? துப்பாக்கியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவும், குழலின் முனையில் ஒரு முளையும் இருக்கும். கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, பிளவின் நடுவே முளையை நிறுத்தி, அதை எதிராளியின் மேல் வைப்பதுதான் குறி. பயத்தில் இருப்பவனின் கண் எதிராளியை விட்டு நகராது. முளை மங்கிப்போகும். இன்னும் நன்றாகப் பார்க்கத் தலையைத் தூக்குவான். அப்போது பின்பக்கப் பிளவு கண்பார்வைக்குக் கீழே இறங்கிவிடும், குழல் வானத்தைப் பார்க்கும். பிளவுக்கும் முளைக்கும் அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெறும் 5 மில்லிமீட்டர் பிசகினால், 100 மீட்டரில் குண்டு ஒரு மீட்டர் விலகும். 200 மீட்டரில் இரண்டு மீட்டர். நெஞ்சைப் பார்த்துச் சுட்டது தலைக்கு மேல் பறந்துவிடும். போதாக்குறைக்கு, விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்பதால் குழலும் ஆடும்.

இன்னொரு காரணம், எதிராளி கண்ணிலேயே படுவதில்லை. இயந்திரத் துப்பாக்கிகள் வந்த பிறகு யாரும் வரிசையாக நிமிர்ந்து நிற்பதில்லை. சத்தம் மட்டும் வரும், ஒரு புதர் அசையும். அந்தத் திசையில் சுடுவதே பலருக்கு ஆறுதல்.

இங்கேதான் பழைய பயிற்சி தவறியது. 1950-கள் வரை அமெரிக்கத் தரைப்படை, தெரிந்த தூரத்தில் நிற்கும் வட்டப் பலகையைத்தான் சுட வைத்தது. வெள்ளைப் பலகை, நடுவில் கறுப்பு வட்டம், வேண்டிய அவகாசம். அதில் நன்றாகத் தேறியவனுக்கும் களத்தில் எதைச் சுடுவது என்று தெரியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து இதை மாற்றினார்கள். ‘டிரெயின்ஃபயர்’ என்று பெயர். வட்டத்துக்குப் பதில் தலையும் தோளும் கொண்ட ஆள் உருவப் பலகை. புல்லும் மேடுமாக இருக்கும் நிலத்தில், 50 மீட்டர் முதல் 300 மீட்டர் வரை எங்காவது ஓரிடத்தில் அது சட்டென்று எழும். சில நொடிகள்தான் நிற்கும். அதற்குள் கண்டுபிடித்து, தூரத்தை மனதில் எடைபோட்டு, சுட வேண்டும். பட்டால் அந்தக் கணமே விழுந்துவிடும். படாவிட்டால் நின்றுவிட்டுத் தானே படுத்துவிடும். அந்தப் படையின் ரைபிள் தேர்வில் 40 குண்டு, 40 பலகை. 23 விழுந்தால்தான் தேர்ச்சி.

சட்டென விழும் அந்தப் பலகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மதிப்பெண் தாள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறி சரியா தவறா என்பது உடம்புக்கே உடனே புரிகிறது. தேடு, குறி வை, அழுத்து என்ற மூன்றும் கோத்த மாதிரி கைக்குப் பழகுகின்றன. குண்டில்லாமலும் இதைப் பழக்குவார்கள். வெற்றுத் துப்பாக்கியின் குழல் முனையில் ஒரு நாணயத்தை வைத்து விசையை அழுத்தச் சொல்வார்கள். நாணயம் விழுந்தால் அவன் இழுத்திருக்கிறான், அழுத்தவில்லை.

தானியங்கித் துப்பாக்கிகள் வந்ததும் பழைய வியாதி புது உருவில் திரும்பியது. ஏகே-47 நிமிடத்துக்கு 600 குண்டு என்ற வேகத்தில் சுடும். விசையை விடாமல் பிடித்தால் 30 குண்டு கொண்ட மேகசின் மூன்று நொடியில் காலி. முதல் குண்டுக்குப் பிறகு குழல் மேலேறிக்கொண்டே போகும். வியட்நாமில் எம்16-ஐ இப்படி வீணடித்ததைப் பார்த்த பிறகு, எம்16ஏ2 மாடலில் ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டோடு நிற்கும்படி செய்தார்கள். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளிலும் அதே ஏற்பாடு உண்டு. பழக்கம் செய்ய வேண்டியதை இங்கே இரும்பைக் கொண்டு செய்யப் பார்த்தார்கள்.

பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. பலகை திருப்பிச் சுடாது. நியூயார்க் நகரப் போலீஸைப் பற்றி 2008-ல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், எதிராளி சுடாதபோது சுமார் 30 சதவீதக் குண்டுகள் பட்டன. அவனும் சுட்டபோது 18 சதவீதம்தான். அதே போலீஸ், அதே பயிற்சி.

இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைப்பது பக்கத்தில் இருக்கும் தலைவனின் குரல். சிறு குழுவின் தலைவன் சொல்லும் கட்டளைக்கு ஒரு ஒழுங்கு உண்டு: யார் சுட வேண்டும், எவ்வளவு தூரம், எங்கே, எப்படி. “இரண்டாம் குழு! இருநூறு! தனி மரத்துக்கு வலப்பக்கம், மண்மேடு! ஒவ்வொன்றாகச் சுடு!” ஆள் தெரியாவிட்டாலும், அவன் தலை தூக்காதபடி அந்த மேட்டைச் சுட்டுக்கொண்டே இருப்பதும் ராணுவ வேலைதான், அந்தக் குண்டுகள் மேட்டில் விழ வேண்டும், வானத்தில் அல்ல. இந்தக் கட்டளையைப் பல நூறு முறை கேட்டுப் பழகியவனுக்கு இரைச்சலுக்கு நடுவிலும் இருநூறு என்ற எண் காதில் விழும். கன்னம் கட்டைக்குப் போகும், கண் அந்த மரத்தைத் தேடத் தொடங்கும்.