விருந்துக் கணக்கும் வீட்டார் கணக்கும்

நிக்காஹ் விருந்தைப் பண்டாரியிடம் ஒப்படைக்கும் பெற்றோரே! சமையலை ஏற்கும் சகோதரர்களே! தேக்சா இறங்கிய பின் எழும் மனக்கசப்பு பெரும்பாலும் ருசியைப் பற்றியதன்று. எத்தனை பேருக்குப் பணம் என்பதைப் பற்றியதே. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. நாமோ முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம்.

கிளியனூரில் ஒரு வீட்டு நிக்காஹ் என்று வைத்துக்கொள்வோம். 400 பேருக்கு ஆட்டிறைச்சிப் பிரியாணி, தால்ச்சா, தயிர்ப் பச்சடி, இனிப்பு. தலைக்கு 280 ரூபாய். முன்பணம் 40,000 ரூபாய். மூன்று நாட்களுக்கு முன்புவரை எண்ணிக்கையைக் குறைக்கலாம். பிறகு கூட்டலாமேயன்றிக் குறைக்க இயலாது. கூடுதலாக 40 பேர்வரை அதே விலை; அதற்கு மேற்பட்டோருக்குத் தலைக்கு 320 ரூபாய். இவை ரசீதின் பின்புறம் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட்டுள்ளனர். எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியவர் பெண்ணின் மாமா ஒருவர் மட்டுமே என்றும் அதில் உள்ளது. ஆளுக்கொரு எண் சொல்லும் வீடுகளில் இந்த ஒரு வரி மிகவும் உதவும்.

முந்தின இரவு மாமா வந்து, மரக்காணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் 60 பேர் கூடுதலாக வருவதாகச் சொல்கிறார். பத்துப் பேருக்குச் சுமார் ஒரு கிலோ அரிசியும் அதே எடை இறைச்சியும் என்றால், இன்னும் ஆறு கிலோ வேண்டும். தம்மில் வைத்த தேக்சாவில் பிறகு அரிசியைச் சேர்க்க முடியாது. தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் தேவை. இறைச்சியையும் அந்நேரத்தில் கிடைத்த விலைக்கே வாங்க வேண்டும். கூடுதல் விலையின் காரணம் இதுதான்.

பில்லில் முதலில் பேசியபடி 400 பேருக்கு 1,12,000 ரூபாய். அதன்கீழ் மாற்றம், சொன்னவர் பெயர், நாள், நேரத்துடன்: 40 பேருக்கு 11,200, 20 பேருக்கு 6,400. ஆக மொத்தம் 1,29,600. அதற்குப் பிறகே ரசீது எண்ணுடன் முன்பணம் 40,000 கழிக்கப்பட்டு, நிலுவை 89,600 என்று வரும். முதல் தொகையிலேயே முன்பணத்தைக் கழித்துவிட்டு மாற்றங்களைப் பின்னர் சேர்த்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் முழுச் செலவு எவ்வளவு என்பது பில்லில் தெரியாமற்போகும். அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது.

மறுநாள் உண்டவர்கள் 430 பேர்தாம். "முப்பது பேருக்குக் கழியுங்கள்" என்பார் பெரியத்தா. கழிக்க வேண்டியதில்லை, சமைத்தது 460 பேருக்கு. ஆனால் எஞ்சிய பிரியாணி பண்டாரியுடையதன்று, வீட்டாருடையது. அதை அவர் பாத்திரத்தில் அள்ளி ஒப்படைத்த பிறகே நிலுவையைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், ஜி.எஸ்.டி. பதிவு பெறாதிருக்கும் பண்டாரி அவ்வரியைப் பில்லில் சேர்க்கக் கூடாது. சேர்த்திருந்தால் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள்.