ஃப்ளாட் வொயிட்டின் பால்

ஃப்ளாட் வொயிட் 1980களில் பிறந்த காபி. பிறந்தது ஆஸ்திரேலியாவிலா, நியூசிலாந்திலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சிறிய கோப்பையில் இரட்டை எஸ்பிரெஸோ, அதன்மேல் சூடான பால், மேலே அரை சென்டிமீட்டர் நுரை. கப்புச்சினோவின் நுரை தனி அடுக்காக நிற்கும். இதிலோ நுரை பாலோடு சேர்ந்தே கோப்பைக்குள் இறங்க வேண்டும். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருந்தால்தான் அது நடக்கும். அப்படிப்பட்ட நுரையை மைக்ரோஃபோம் என்பார்கள்.

நீராவியே நுரையாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நீராவி பாலைச் சூடாக்கும், சுழற்றும். நுரைக்குள் இருப்பது வெளிக்காற்றுதான். குழாயின் முனை பாலின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும்போது, சீறும் நீராவி பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாலில் உள்ள புரதங்கள் குமிழிகளைச் சுற்றிப் படிந்து, உடையாமல் காக்கின்றன.

160 மில்லி கோப்பைக்கு 350 மில்லி ஜக்கில் சுமார் 130 மில்லி குளிர்ந்த பால் போதும். முதலில் குழாயை ஒரு நொடி வெறுமனே திறந்து, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். பிறகு முனையைப் பாலில் லேசாக அமிழ்த்தி, நடுவில் வைக்காமல் சற்று ஓரமாகப் பிடித்து, நீராவியை முழுதாகத் திறக்க வேண்டும். காகிதம் கிழிவதுபோல 'ச்ச்... ச்ச்...' என்று கேட்டால் காற்று அளவாக ஏறுகிறது. இவ்வளவு குறைந்த பாலுக்கு இரண்டு மூன்று நொடிகளே அதிகம். கீச்சென்று அலறினால் முனை ஆழத்தில் இருக்கிறது, காற்று ஏறவில்லை. பெரிய குமிழிகள் கொப்பளித்தால் முனை மிக மேலே வந்துவிட்டது.

ஜக் கைக்கு வெதுவெதுப்பாகும் முன்பே, அதாவது 37 டிகிரிக்குள், காற்று ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு முனையை ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் பால் சுழியாகச் சுழலும். பெரிய குமிழிகளை உடைத்துப் பொடியாக்குவது அந்தச் சுழிதான். தாமதமாக ஏறிய காற்றுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. பால் அதற்குள் சூடேறிவிடும்.

குறி 60 டிகிரி. நீராவியை மூடிய பிறகும் சூடு சில டிகிரி ஏறுமென்பதால் 57இலேயே மூடுவது நல்லது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கையே அளவுகோல்: ஜக்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஓரிரு நொடிக்கு மேல் வைக்க முடியாத கட்டம். 70ஐத் தாண்டினால் மோர்ப் புரதங்கள் குலைந்து, கந்தகம் கலந்த காய்ச்சிய வாசம் எழும். பாலின் இனிப்பு அதற்குள் அமுங்கிவிடும். ஆறவைத்து மறுபடி நுரைத்தாலும் பழைய பதம் வராது.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை 'சொர்'ரென்று அடங்கினால் பாலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட பாலில் கொழுப்பு சிதைந்து உண்டாகும் அமிலங்கள், புளிப்பு நாக்குக்குத் தெரியும் முன்பே நுரையைக் குலைத்துவிடும்.

பதமான பால் புதுப் பெயின்ட்போல் பளபளக்கும். ஜக்கை மேசையில் ஒரு தட்டு தட்டி, விடாமல் சுழற்றியபடி உடனே ஊற்ற வேண்டும். அரை நிமிடம் வைத்துவிட்டால் பால் கீழே வடிந்து நுரை மேலே பிரியும். ஊற்றும்போது முதலில் வெறும் பாலும் கடைசியில் வெள்ளைக் கட்டியுமாக விழும்.