இரு கரண்டித் தேனும் இருபது வினாடிப் படமும்

பொன்முடி மலைக்குப் போகும் பாதையில் உள்ளது கல்லாறு. அவ்வழி வரும் உல்லாசப் பயணிகளை நம்பியே சிறு கடைகள் பிழைக்கின்றன. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வியாபாரமும் அடைபடும். விளம்பரத்திற்குக் காசின்றி, ஊருக்கு அப்பாலும் அக்கடைக்காரர் பொருள் விற்க வழியுண்டா? உண்டு என்பதே என் கருத்து. தேன் விற்கும் கடையொன்றை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

வாங்க வருவோர் வழக்கமாகக் கேட்பது, “கொசுத்தேன் ஏன் இவ்வளவு நீர்த்திருக்கிறது? கலப்படமா?” என்பதுதான். அந்தக் கேள்விக்குரிய விடையே நல்ல படம். இரு கரண்டிகளில் இருவகைத் தேனையும் எடுத்துச் சாய்த்தால், ஒன்று மெல்ல இறங்கும், மற்றது விரைந்து ஓடும். கொசுத்தேனில் இயற்கையாகவே நீர்ச்சத்து மிகுதி என்று கடைக்காரர் தம் குரலிலேயே சொல்லட்டும். கைப்பேசியைச் செங்குத்தாக நிறுத்தி, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் போதும். முதல் மூன்று வினாடிக்குள் தேன் சாய வேண்டும். வணக்கமும் கடைப்பெயரும் முன்னே வந்தால், பார்ப்பவர் விரல் அடுத்த படத்திற்குத் தாவிவிடும். திரைப்படப் பாட்டைச் சேர்க்க வேண்டா. அது பிறர் உடைமை. படத்தின் ஒலியே நீக்கப்படலாம்.

இனி, பார்த்தவர் வாங்குவது எப்படி? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. யூடியூப் ஷார்ட்ஸ் படங்களின் விளக்கத்திலும் பின்னூட்டத்திலும் 2023 ஆகஸ்டு இறுதி முதல் அதே நிலைதான். ஆகையால் எடை, விலை, வாட்ஸ்அப் எண் மூன்றையும் படத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிட வேண்டும். இன்ஸ்டாகிராம் முகப்பில் இணைப்பு வேலை செய்யும். அங்கே `https://wa.me/91` என்பதை அடுத்து இடைவெளியின்றிப் பத்து இலக்க எண்ணை இட்டால், தொட்டவுடன் கடைக்காரருடன் உரையாடல் திறக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியலை விலையோடு இலவசமாக வைக்கலாம்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று: பார்த்தவர், கேட்டவர், பணம் செலுத்தியவர். பார்த்தவர் பலராகவும் கேட்டவர் சிலராகவும் இருந்தால், விலையோ எண்ணோ கண்ணில் படவில்லை என்று பொருள். கேட்டவர் பலர் இருந்தும் வாங்குவோர் இல்லையென்றால், எல்லோரும் கேட்ட கேள்வி எதுவென்று பாருங்கள். “கூரியர் கட்டணம் எவ்வளவு? புட்டி உடையாதா?” என்பது கேள்வியானால், புட்டியைப் பொதிந்து கட்டும் காட்சியே அடுத்த படம்.

ஒரு வரம்பையும் சொல்லவேண்டும். யார் கண்ணில் படம் படும் என்பது கடைக்காரர் கையில் இல்லை. இன்று பத்தாயிரம் பேர் பார்ப்பர், நாளை நூறு பேர்தான் பார்ப்பர். ஆதலால் ஒருமுறை வாங்கியவரின் எண்ணை, அவர் இசைவோடு குறித்து வைத்து, புதுத்தேன் வரும்போது அவருக்கு ஒரு வரி எழுதுவதே உறுதியான வழி. புதியவரை அழைத்து வருவது படம்; அவரை மீண்டும் வரச் செய்வது அந்த ஒரு வரி.