மறுகாலில் போகும் மருந்து
உங்களுக்குத் தெரியுமா?

● சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் படம் பிடிக்க ஆடிக்காற்றில் வருகிறவர்கள், பக்கத்திலிருக்கும் குளத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிசானத்தில் மழை வலுத்தால் நெல் வயலில் அடித்த மருந்தின் ஒரு பங்கு மடை வழியாக அங்கேதான் போகிறது. தென்காசிப் பக்கத்து ஓடைநீர் சிற்றாற்றிலும், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியிலும் சேர்கிறது.

● அந்த மருந்து நீர்வாழ் உயிர்களைப் பாதிக்குமா என்பதை ஒரு வகுத்தல் கணக்கில் சொல்லிவிடலாம். தண்ணீரில் எதிர்பார்க்கும் செறிவை, உயிர்களுக்குக் கேடு செய்யாத செறிவால் வகுக்க வேண்டும். விடை 1-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை.

● அமெரிக்க அதிகாரிகள் முதற்கட்டக் கணிப்புக்கு ஒரு கற்பனைக் குளத்தை வைத்திருந்தார்கள்: 10 ஹெக்டேர் வயலின் தண்ணீர் 1 ஹெக்டேர் பரப்பும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் விழும். கொள்ளளவு 2 கோடி லிட்டர். நம் ஊர்க் கணக்கில் 25 ஏக்கர் வயலுக்கு ஒரு சின்னக் குளம்.

● அந்தக் குளத்தில் நம் மருந்தை ஊற்றிப் பார்ப்போம். இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து ஏக்கருக்கு அரை லிட்டர். அதில் நஞ்சு 100 கிராம். 25 ஏக்கருக்கு 2,500 கிராம். மழையில் நூற்றில் ஒரு பங்கு கழுவிப் போனதாக வைத்துக்கொண்டால் 25 கிராம். 2 கோடி லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 1.25 மைக்ரோகிராம். (ஆயிரம் லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்.)

● நன்னீர் உயிர்கள் நெடுநாள் தாங்கும் வரம்பு என்று இந்த மருந்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-இல் வைத்த அளவு லிட்டருக்கு 0.041 மைக்ரோகிராம். வகுத்தால் 30! கழுவிப் போனது நூற்றில் ஒன்றல்ல, ஆயிரத்தில் ஒன்று என்று தாராளமாகக் குறைத்தாலும் விடை 3-க்குக் கீழே இறங்காது. இந்த மருந்து மண்ணில் இறுகப் பிடிப்பது; ஒரு பகுதி சேற்றில் படிந்துவிடும், உண்மைச் செறிவு இதைவிடக் குறையலாம். முதற்கட்டக் கணக்கு வேண்டுமென்றே கெட்டதை எதிர்பார்ப்பது. அதில் தப்பிய மருந்தை விட்டுவிட்டு, தப்பாததை அடுத்த கட்டத்தில் நுணுக்கமாகப் பார்ப்பார்கள்.

● குளத்தில் மீன் செத்து மிதக்கவில்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது. கெண்டை சாவதற்கு இதைப்போல் பல மடங்கு மருந்து வேண்டும். முதலில் போவது கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நீர்த்தெள்ளு. பாசியை மேய்வது அதுதான். அது போனால் பாசி பெருகும். நெதர்லாந்தில் செயற்கை வாய்க்கால்களில் இதே மருந்தைப் பல அளவுகளில் விட்டு 1990-களில் சோதித்தார்கள். மொத்த உயிர்க்கூட்டமும் பாதிப்பின்றி இருந்த அளவு 0.1 மைக்ரோகிராம்.

● எந்த உயிரை வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் கணக்கே கவிழும். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் ஏக்கருக்கு 50 மில்லி. நஞ்சு சுமார் 10 கிராம்தான். அதே குளம், அதே நூற்றில் ஒரு பங்கு: 0.125 மைக்ரோகிராம். ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான நீர்த்தெள்ளில் பாதியை முடக்க லிட்டருக்கு 85 மில்லிகிராம், அதாவது 85,000 மைக்ரோகிராம் தேவை. ஆகவே பரம சாது என்று தோன்றும். ஆனால் ஓடைக் கல்லுக்கடியில் வளரும் மே ஈயின் குஞ்சுகளுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே போதும். நீர்ப்பூச்சிகளுக்கு நெடுநாள் வரம்பாக அமெரிக்க முகமை வைத்திருப்பது 0.01. அப்படி வகுத்தால் விடை 12-க்குச் சற்று மேல். சாது என்று பெயர் வாங்கிய மருந்து, சோதனைப் பிராணி மாறியதும் மாட்டிக்கொள்கிறது.

● இதற்காகத்தான் ஐரோப்பாவில், சில நாள் சோதனை முடிவுகள் மட்டும் கையில் இருந்தால், மிகக் குறைந்த சாவு அளவை 1,000-ஆல் வகுத்துக் கேடில்லா அளவாக எடுப்பார்கள். பாசி, நீர்த்தெள்ளு, மீன் மூன்றுக்கும் நெடுநாள் சோதனை இருந்தால், அவற்றில் பாதிப்பு தெரியாத அளவுகளில் மிகக் குறைந்ததை 10-ஆல் வகுத்தால் போதும். நாம் அறியாததற்குக் கட்டும் அபராதம் அது.

● இந்தக் கற்பனைக் குளம் நம் ஊருக்குச் சரியாகப் பொருந்தாது. அது தனிக்குளம். நம்முடையது சங்கிலி: மேல்குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. வழியெல்லாம் வயல், ஒவ்வொரு வயலிலும் வெவ்வேறு மருந்து. கணக்கோ ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் பார்க்கிறது. என் கணிப்பில் இங்கே அந்த 30-ம் 12-ம் தனித்தனியாக நிற்பவை அல்ல.

● ஜப்பானில் நெல் வயலுக்கு மருந்து அடித்தால் 7 நாள் தண்ணீரை வெளியே விடாமல் தேக்கிவைக்கச் சொல்கிறார்கள். அதற்குள் பல மருந்துகளில் பெரும்பகுதி சிதைந்துபோகும் அல்லது மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கருத்திருக்கும் நாளில் மருந்து டேங்கை முதுகில் ஏற்றாதீர்கள். அடித்துவிட்டால் ஒரு வாரம் மடையை அடைத்து வையுங்கள்.