ஓய்வுக்குப் பின் வீட்டிலேயே சிப்பிக் காளான்

சிறு நகரத்தில் சொந்த வீடு. பின்புறம் நிழலான இடம். கையில் சிறிது சேமிப்பு. இத்தகைய ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்குச் சிப்பிக் காளான் வளர்ப்பு பொருத்தமான தொழில். ஆனால் பணிக்கொடைப் பணத்தைக் கொண்டு முதலில் கொட்டகை போடுவது தவறு. நாள்தோறும் ஒரு கிலோ காளானை வாங்குவோர் யார் என்று கண்டறிந்த பின்னரே செலவில் இறங்க வேண்டும். பறித்த காளான் வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

தொடக்கத்திற்குப் பத்துக்குப் பத்தடி ஓலைக் குடில் போதுமானது. தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும்.

புதிய வைக்கோலை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஐந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பின் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். வெந்ததை நிழலில் உலர்த்துவதில்தான் பலர் தவறுகின்றனர். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. ஆனால் கை ஈரமாக வேண்டும். ஈரம் மிகுந்தால் படுக்கை அழுகும்.

இருபுறமும் திறந்த பாலிதீன் பையின் அடியைக் கட்டி, நடுவில் இரண்டு துளையிட்டு, வைக்கோலையும் காளான் வித்தையும் மாறி மாறி ஐந்து அடுக்காக நிரப்பி வாயைக் கட்ட வேண்டும். ஒரு புட்டி வித்து இரண்டு பைகளுக்குப் போதும். பதினைந்து முதல் இருபது நாட்களில் பை முழுவதும் வெண்மையாகப் படரும். பச்சைத் திட்டோ துர்நாற்றமோ தென்பட்டால் அப்பையை உடனே அகற்றித் தொலைவில் புதைத்துவிட வேண்டும். சிக்கனம் கருதி விட்டுவைத்தால் மற்ற பைகளும் கெடும்.

வெண்மை படர்ந்ததும் பையைக் கிழித்துவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். சில நாட்களில் மொட்டு தோன்றி விரியும். ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன், தண்ணீர் தெளிப்பதற்கு முன்பாகவே பறிப்பது நன்று. ஒரு வார இடைவெளியில் மேலும் இரு அறுவடை கிடைக்கும்.

ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு பை வீதம் தயாரிக்கிறார் எனக் கொள்வோம். பை ஒன்றுக்கு அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் பிடிக்கும். ஏறத்தாழ அதே எடைக் காளான் கிடைத்தால், நாற்பத்தைந்து நாட்களுக்குப் பின் தினம் ஒரு கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலம் ஐந்து, விற்பனைக்கு வரும். அப்போது குடிலில் சுமார் தொண்ணூறு பைகள் தொங்கும். ஐந்து பொட்டலமும் விலை போகாத ஊரில் பையைக் கூட்டுவதில் பயனில்லை. விளைந்ததையெல்லாம் தாமே வாங்குவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

உள்மாவட்டங்களில் சித்திரை, வைகாசி வெயிலில் மகசூல் வெகுவாகக் குறையும். ஆகவே ஆண்டுக்கு ஒன்பது மாத வருமானம் என்றே கணக்கிட வேண்டும்.

முதியோர் கவனிக்க வேண்டியது மற்றொன்று: முற்றிய காளானிலிருந்து பறக்கும் நுண்வித்துகள் இருமலை உண்டாக்கும். குடிலுக்குள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது அவசியம். ஆஸ்துமா உள்ளவர் இத்தொழிலைத் தவிர்த்துவிடலாம்.