மாஸ்டர் ஏன் நிற்பதில்லை?

காலை 5 மணிக்கு இட்லி ஏற்றுபவர் 11 மணி வரை அடுப்படியில் நிற்கிறார். மாலை 5 முதல் இரவு 11 வரை மீண்டும் வேலை. சம்பளம் 12 மணி நேரத்துக்கு, ஆனால் 18 மணி நேரம் கடைக்கே போகிறது. அடுத்த தெருவில் நல்ல நேரம் கிடைத்தால் கிளம்பிவிடுவார்.

மூன்று பேர் இருந்தால் 5–2, 11–8, 2–11 என்று பிரிக்கலாம். மதியக் கூட்டத்துக்கு இருவர் இருப்பார்கள். ஞாயிறு விடுமுறை சுழற்சியில் வரட்டும். அட்டவணை ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஆட்களுக்கான சாப்பாடு நேற்றைய மிச்சமாக இல்லாமல், கூட்டத்துக்கு முன் உட்கார்ந்து சாப்பிடும்படி இருக்கட்டும்.

பாத்திரம் கழுவுபவருக்கும் காய் நறுக்கல், சட்னி, தோசைக்கல், சரக்கு மாஸ்டர் என்ற படிகள் தெரிய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு கூடும் என்று எழுதி வையுங்கள். மாலை மந்தமான நேரத்தில் மாஸ்டர் பக்கத்தில் நின்று பழக்கலாம். சரக்கு மாஸ்டர் இடம் ஒன்றுதான். அது காலியாகும்வரை, மாஸ்டரின் விடுமுறை நாளில் அந்த வேலையைப் பார்ப்பவருக்குத் தனிப் படி கொடுக்கலாம்.

விலகும் தேதிகளைக் குறித்து வையுங்கள். முதல் மாதத்திலேயே போகிறார்கள் என்றால் பழக்குவதில் குறை. ஓராண்டு கழித்துப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் அடுத்த படி தெரியவில்லை.